டெல்லி காய்க்கடையில ஹிந்தியில பேரம் பேசுறது எப்படி (பாவ் குழப்பத்தோட சேர்த்து)

ஹிந்தியில நூறு வரைக்கும் எண்ணத் தெரியும், "யே க்யா ஹை, கித்னா ஹை" எல்லாம் வரும், ஆனா கடைக்காரர் ரெண்டு வரி பேசுனா மூணாவது வரி பிடிபடலைங்குறவங்களுக்குத்தான் இது. நம்பர் இன்னும் தெரியலைன்னா அத முதல்ல முடிச்சிட்டு வாங்க, பேரத்துல பாதி நம்பர்தான்.

டெல்லிக்கு வந்த புதுசுல எங்க ஏரியா புத் பஜாருக்குப் போனேன். அங்க வாரச் சந்தைக்குக் கிழமையோட பேருதான், திங்கள்னா சோம் பஜார், செவ்வாய்னா மங்கள் பஜார், புதன்னா புத் பஜார். வெண்டைக்காய் விலை கேட்டேன், "பீஸ் ருபயே பாவ்"னார். பீஸ்னா இருபது, அது தெரியும். பாவ்னா விலைன்னு நோட்டுல எழுதி வச்சிருந்தேன், அதனால கிலோ இருபது ரூபாதான்னு நினைச்சு ஒரு கிலோ போடச் சொல்லிட்டேன். கட்டி முடிச்சிட்டு எண்பது கேட்டார். ஏமாத்துறார்னு நினைச்சு தமிழும் ஹிந்தியுமா சண்டையே போட்டேன், அவர் பேருல தப்பே இல்ல.

முதல்ல இந்தப் பாவ சரி பண்ணிக்கோங்க

ஹிந்தியில இது ரெண்டு தனித்தனி வார்த்தை. ஒண்ணு கால் கிலோ, இன்னொண்ணு விலை. கால் கிலோவுக்கு நம்ம "பால்"ல வர்ற ப. விலைக்கு வர்றது "பஸ்"ல வர்ற ப-வ காத்தோட சேர்த்து சொல்றது, வாய்க்கு முன்னாடி உள்ளங்கைய வச்சு சொல்லிப் பார்த்தா காத்து படுறது தெரியும். தமிழ்ல எழுதும்போது ரெண்டும் "பாவ்"னு ஒண்ணாயிடுது, நான் மாட்டுனது அங்கதான்.

என்னைக் கேட்டா வெறும் தமிழ் எழுத்துல ஹிந்தி நோட்டு எழுதாதீங்க. பழைய ஸ்லோகப் புஸ்தகங்கள்ல எழுத்துக்கு மேல சின்னதா 2, 3, 4 போட்டிருப்பாங்கல்ல, அதுதான் பெஸ்ட். கால் கிலோ பாவ், விலை பா⁴வ். இருபது பீ³ஸ். 3 போட்டா "பஸ்"ல வர்ற ப, 4 போட்டா அதே ப காத்தோட. கீழ ப எழுத்துக்கு மட்டும் அந்த மாதிரி போட்டிருக்கேன், மத்த எழுத்துக்கும் போட்டா படிக்கவே முடியாது.

காதுல வித்தியாசம் விழலைன்னாலும் வாக்கியத்த வச்சுக் கண்டுபிடிக்கலாம். தொகைக்குப் பின்னாடி வந்தா கால் கிலோ, "பீ³ஸ் ருபயே பாவ்" மாதிரி. "க்யா"வோட வந்தா விலை, "க்யா பா⁴வ் ஹை" மாதிரி. நீங்க கேக்கும்போது "ரேட்"னே கேளுங்க, எல்லாருக்கும் புரியும், குழப்பமும் இல்ல.

உரையாடல்

நீங்க: பை⁴யா, பி⁴ண்டி கா க்யா ரேட் ஹை?
(அண்ணே, வெண்டைக்காய் என்ன விலை?)

கடைக்காரர்: பீ³ஸ் ருபயே பாவ்.
(கால் கிலோ இருபது.)

நீங்க: மத்லப்³, கிலோ கித்னே கா?
(அப்படின்னா கிலோ எவ்வளவு?)

கடைக்காரர்: அஸ்ஸி கா கிலோ.
(கிலோ எண்பது.)

நீங்க: ஜ்யாதா ஹை பை⁴யா. டீக் லகாவோ, ஸாட் மே தே தோ.
(ஜாஸ்திண்ணே. சரியா போட்டுக் குடுங்க, அறுபதுக்குத் தாங்க.)

கடைக்காரர்: ஸாட் மே படதா நஹீ. மண்டி மே ஹீ மெஹங்கீ ஹை.
(அறுபதுன்னா கட்டுபடியாகாது. மண்டியிலயே வெல ஜாஸ்தி.)

நீங்க: அச்சா, ரஹ்னே தோ.
(சரி, இருக்கட்டும் விடுங்க.)

கடைக்காரர்: அரே ஸுனோ, சலோ ஸத்தர் மே லே லோ.
(அட கேளுங்க, சரி எழுபதுக்கு எடுத்துக்கோங்க.)

நீங்க: டீக் ஹை, ஆதா கிலோ. மே சாண்ட் லூ?
(சரி, அரைக் கிலோ. நானே பொறுக்கிக்கவா?)

கடைக்காரர்: லே லோ. பைந்தீஸ் ஹுவே.
(எடுத்துக்கோங்க. முப்பத்தஞ்சு ஆச்சு.)

நீங்க: தோடா தனியா மிர்ச் பீ⁴ டால் தோ.
(கொஞ்சம் கொத்தமல்லி, மிளகா சேர்த்துப் போடுங்க.)

வரிக்கு வரி கவனிக்க வேண்டியது

"மத்லப்³, கிலோ கித்னே கா?" இந்த ஒரு வரிய மனப்பாடம் பண்ணிட்டா என் வெண்டைக்காய் சண்டை உங்களுக்கு வராது. விலை ஜாஸ்தியான காய்க்கு பாவ் கணக்குலதான் சொல்லுவாங்க, அது அங்க சாதாரண பழக்கம்.

பக்கத்துல இருக்கவங்க "பி⁴ண்டி கைஸே தீ?", "டமாட்டர் கைஸே தியே?"ன்னு கேப்பாங்க. அது இன்னும் இயல்பான ஹிந்திதான், ஆனா காய் ஆணா பெண்ணா, ஒண்ணா பலவான்னு பார்த்து தீ, தியே மாறும். அது பழகுற வரைக்கும் "கா க்யா ரேட் ஹை" போதும், எந்தக் காய்க்கும் மாறாது.

"லகாவோ"வ டிக்ஷனரியில பார்த்தா பூசு, ஒட்டுன்னு வரும். பேரத்துல அதுக்கு நம்ம "போட்டுக் குடுங்க"தான் அர்த்தம். "படதா நஹீ"யும் அப்படித்தான், "விழாது"ன்னு மொழிபெயர்த்துட்டு முழிக்காதீங்க, கட்டுபடியாகாதுன்னு அர்த்தம்.

எண்பதுக்கு நேரா நாப்பதுன்னு கேட்டா பேச்ச அங்கேயே நிறுத்திடுவாங்க. நான் கேக்குற விலைய எங்கேர்ந்து எடுக்குறேன்னா, போற வழியில இருக்குற சஃபல் கடை போர்டுலேர்ந்து. அது மதர் டெய்ரியோட கடை, அங்க பேரம் கிடையாது, அதனால அன்னைக்கு விலை என்னன்னு தெரிஞ்சிக்கலாம். ஆப்ல வர்ற விலைய விட எனக்கு இந்த போர்டுதான் நம்பிக்கை.

"ரஹ்னே தோ" சொல்லிட்டு ரெண்டு அடி நிஜமாவே நகரணும். கூப்பிடலைன்னா அவர் சொன்னதுதான் கடைசி விலைன்னு எடுத்துக்கோங்க, திரும்பி வந்து எண்பதுக்கே வாங்கலாம், தப்பில்ல. ஆனா கூப்பிட்டு இறங்கி வந்துட்டார்னா வாங்கியே ஆகணும், அப்பவும் வேணாம்னு போறது மரியாதை இல்ல. காலையில "போ³ஹ்னீ கா டைம் ஹை"ன்னு சொன்னார்னா இன்னும் முதல் வியாபாரம் ஆகலைன்னு அர்த்தம், நம்ம ஊர் போணிதான். அந்த நேரத்துல வாங்குற எண்ணம் இல்லாம பேரத்த இழுக்காதீங்க.

பொறுக்குறத விலை பேசி முடிச்சப்புறம் கேளுங்க. முதல்லயே நல்ல காயா கூடையில எடுத்து வச்சிட்டா உங்களுக்கு அது வேணும்னு அவருக்குத் தெரிஞ்சிடும், அப்புறம் எழுபது வராது.

கடையில அம்மா இருந்தா பை⁴யாவுக்குப் பதிலா தீதி, வயசானவங்கன்னா ஆண்ட்டி, பெரியவர்னா சாச்சா. "தோ, லகாவோ"ங்குற அளவுக்கு உரிமையா பேசலாம், "நீ"ங்குற "தூ" மட்டும் வேணவே வேணாம், சண்டை ஆயிடும்.

அப்டேட்

கமெண்ட்ல ஒருத்தர் "டாயீ ஸௌ கிராம்"னு கடைக்காரர் சொன்னத இருநூறுன்னு நினைச்சிட்டேன்னு எழுதியிருந்தாங்க. டாயீன்னா ரெண்டரை, டாயீ ஸௌன்னா 250, அதாவது அதே பாவ்தான். டேட்னா ஒன்றரை, அதனால டேட் பாவ்னா 375 கிராம், டேட் ஸௌ ருபயேன்னா 150 ரூபா. "தோ ஸௌ பச்சாஸ்"னு நீங்க சொன்னா புரிஞ்சிக்குவாங்க, ஆனா பதில் டாயீ ஸௌன்னுதான் வரும், அதனால காதுக்கு இந்த ரெண்டையும் பழக்கிடுங்க.

இன்னொருத்தருக்கு நடந்தது எனக்கும் அடிக்கடி நடக்குது. அரைக் கிலோ கேட்டா தராசுல 570 கிராம் நிக்கும், உடனே "சாலீஸ் கா கர் தூ?"ன்னு கேப்பாங்க. நாப்பது ரூபாய்க்கா பண்ணிடவான்னு அர்த்தம், கிலோ எழுபதுன்னா கணக்கு சரியாத்தான் வரும், ஆனா நாம கேட்டத விட கூட. வேணும்னா "கர் தோ". வேணாம்னா "நஹீ பை⁴யா, ஆதா கிலோ ஹீ"ன்னு சொல்லுங்க, ரெண்டு வெண்டைக்காய எடுத்துட்டுத் தருவார்.