நாள் கணக்கை விட்டேன், நாவல் முடிந்தது

கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் நான், 912 பக்க நாவல் ஒன்றை இருமுறை தொடங்கி, இருமுறையும் 150ஆம் பக்கத்தைத் தாண்டாமல் நிறுத்தியிருந்தேன்.

முதலில் நாளுக்கு 20 பக்கம் என்று வைத்தேன். கொழுந்து வரத்து கூடி வேலை நீண்ட மூன்று நாட்களில் 60 பக்கம் பாக்கி விழுந்தது. அதை ஈடுசெய்யவே முடியவில்லை. பிறகு ஞாயிறுதோறும் 100 பக்கம் என்று மாற்றியபோது, ஆறு நாள் இடைவெளியில் யார் யாருக்கு உறவு என்பதே மறந்துபோனது.

மூன்றாம் முறை, இரவு உணவுக்குப் பின் என் வேகத்தைக் கடிகாரம் வைத்து அளந்தேன். 25 நிமிடத்தில் 10 பக்கம்தான் நகர்ந்தது. அதுவரை அதன் இருமடங்கை நம்பியிருந்தேன். எனவே வாரத்தில் எந்த ஐந்து இரவுகளானாலும் சரி, மொத்தம் 50 பக்கம் என்று வைத்து, 19 வாரங்களாகப் பிரித்தேன். நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, பாக்கியைத் தீர்க்க மட்டும் ஒரு வாரத்தைக் காலியாக விட்டதால், திட்டம் 23 வாரமானது.

பலர் கவனிக்காதது நிறுத்தும் இடம். அத்தியாய முடிவில் மூடிய புத்தகத்தை மறுநாள் திறக்கக் கை எழவில்லை. அடுத்த அத்தியாயத்தில் இரண்டு பக்கம் படித்துவிட்டு, அங்கே நிற்கும் பாத்திரத்தின் பெயரைப் பக்க அடையாளச் சீட்டில் பென்சிலால் எழுதி வைத்தபோது, மறுநாள் தொடர்வது எளிதாக இருந்தது.

22ஆம் வாரம் புதன்கிழமை இரவு கடைசிப் பக்கத்தைப் படித்தேன்.