சிவப்பா நீலமா? புவிசார் முத்திரையைப் படிப்பதில் நடக்கும் தவறுகள்

ஐரோப்பியக் கடைகளில் வினிகர் புட்டியிலும் பாலாடைக்கட்டியிலும் பல்சக்கரம் போல் விளிம்புள்ள வட்ட முத்திரை ஒன்று ஒட்டியிருக்கும். அதைப் பார்த்ததும் பலரும் "சரி, இது அந்த ஊரிலேயே விளைந்து, அந்த ஊரிலேயே செய்தது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். பாதி முத்திரைகளுக்கு அது பொருந்தாது. சட்டப்படி புவிசார் முத்திரை காப்பது ஒரு பெயரை. அந்தப் பெயரைப் போட்டு விற்க எந்த வேலை எந்த எல்லைக்குள் நடக்க வேண்டும் என்பது ஒவ்வொரு பொருளுக்கும் பதிவாகியிருக்கும் தயாரிப்பு ஆவணத்தில் இருக்கிறது. அந்த ஆவணம் சொல்லாததை முத்திரையும் சொல்லாது.

முதல் தவறு, சிவப்பையும் நீலத்தையும் ஒன்றாக நினைப்பது. சிவப்பு-மஞ்சள் முத்திரை பி.டி.ஓ., இத்தாலிய லேபிளில் டி.ஓ.பி. மூலப்பொருள் தொடங்கி கடைசிப் பக்குவம் வரை உற்பத்தியின் எல்லாக் கட்டமும் குறிப்பிட்ட எல்லைக்குள் நடந்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. நீலம்-மஞ்சள் முத்திரை பி.ஜி.ஐ., இத்தாலியில் ஐ.ஜி.பி. அதற்கு ஏதாவது ஒரு கட்டம் அந்த எல்லைக்குள் நடந்தாலே போதும். 2008 வரை இரண்டு முத்திரைக்கும் ஒரே நிறம்தான். ஜனங்கள் குழம்புகிறார்கள் என்றுதான் ஒன்றைச் சிவப்பாக்கினார்கள். குழப்பம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

இத்தாலியின் மோதெனா நகரத்துப் பால்சமிக் வினிகரில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஒரே ஊர்ப் பெயரில் இரண்டு பொருள்கள் பதிவாகியிருக்கின்றன. 'அசெத்தோ பால்சமிகோ திரதிசியோனாலே தி மோதெனா' 2000-இல் பதிவான சிவப்பு முத்திரைப் பொருள். 'அசெத்தோ பால்சமிகோ தி மோதெனா' 2009-இல் பதிவான நீல முத்திரைப் பொருள். நடுவில் 'திரதிசியோனாலே' என்ற ஒரு சொல்தான் கூடுதல்.

சிவப்பு முத்திரை வினிகர் முழுக்க முழுக்கக் காய்ச்சிய திராட்சைச் சாறு. வேறு வினிகரைக் கலக்கக் கூடாது. திராட்சை அந்த வட்டாரத்தில் விளைந்தது; சாற்றைக் காய்ச்சுவது, மரப்பீப்பாய்களில் முதிர வைப்பது, புட்டியில் அடைப்பது என்று எல்லாமே அங்கேதான். குறைந்தது 12 ஆண்டு முதிர வேண்டும். 'எக்ஸ்த்ரா வெக்கியோ' என்று போட 25 ஆண்டு ஆக வேண்டும். 100 மில்லி பிடிக்கும் ஒரே வடிவக் குண்டுப் புட்டியில்தான் விற்பனைக்கு வரும்.

நீல முத்திரை வினிகரில் திராட்சைச் சாறும் ஒயின் வினிகரும் கலக்கப்படும். சாறு குறைந்தது 20 சதவீதம், வினிகர் குறைந்தது 10 சதவீதம். நிறத்துக்குக் கேரமல் 2 சதவீதம் வரை சேர்க்கலாம். கலந்தபின் மரத்தொட்டியில் 60 நாள் இருந்தால் போதும். ஊர் விஷயத்துக்கு வந்தால், கலப்பதும் பக்குவப்படுத்துவதும் மோதெனா, ரெஜியோ எமிலியா மாவட்டங்களில் நடக்க வேண்டும். திராட்சைக்கு என்ன ரகம் என்று விதி இருக்கிறது. எந்த ஊரில் விளைய வேண்டும் என்ற விதி இல்லை. புட்டியில் அடைப்பதை வெளியிலும் செய்யலாம். ஆக, அந்த நீல முத்திரை 'இந்த இரண்டு மாவட்டங்களுக்குள் கலந்து பக்குவப்படுத்தியது' என்று உறுதி தருகிறது. 'மோதெனாவில் விளைந்தது' என்று அது எங்கேயும் சொல்லவில்லை. பின்பக்கப் பட்டியலில் ஒயின் வினிகர் முதலில் வந்தால் புட்டியில் அதுதான் அதிகம், சாறு முதலில் வந்தால் சாறு அதிகம். நீல முத்திரைக்குள்ளேயே தரம் பிரித்துப் பார்க்க இது ஒரு நல்ல வழி.

நீல முத்திரையைப் பார்த்து நாட்டையே முடிவு செய்துவிடுவது இன்னும் பெரிய தவறு. இத்தாலியின் வடக்கு மலைப்பகுதியான வால்தெல்லினாவில் 'பிரெசாவோலா' என்று உப்பிட்டு உலர்த்திய மாட்டிறைச்சி செய்கிறார்கள். நீல முத்திரை உண்டு. உப்பிடுவது, உலர்த்துவது எல்லாம் அந்த மாவட்டத்தில்தான். ஆனால் இறைச்சியில் பெரும்பங்கு பிரேசிலிலிருந்து இறக்குமதியாகும் மாடுகளுடையது. இது சட்டப்படி சரியானதுதான். ஆவணம் இறைச்சி எந்த நாட்டிலிருந்து வர வேண்டும் என்று கட்டுப்படுத்தவில்லை.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விலக்கு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஏப்ரல் முதல் ஒரு விதி நடப்பில் இருக்கிறது. ஓர் உணவின் லேபிள் ஒரு நாட்டையோ ஊரையோ பிறப்பிடமாகச் சொல்லி, அதன் முக்கிய மூலப்பொருள் வேறு இடத்திலிருந்து வந்திருந்தால் அதையும் எழுத வேண்டும். ஆனால் பதிவான புவிசார் பெயர்களுக்கு இந்த விதி பொருந்தாது. அதாவது, சாதாரண உணவுக்கு இருக்கும் வெளிப்படைத்தன்மைகூட முத்திரை பெற்ற உணவுக்குக் கட்டாயமில்லை. இது எனக்கு உடன்பாடில்லாத விலக்கு. முத்திரையை நம்பிக் கூடுதல் காசு கொடுப்பவருக்குத்தானே கூடுதல் தகவல் வேண்டும்? ஒரே ஆறுதல், முத்திரைப் பெயரோடு நிற்காமல் தேசியக் கொடி போன்ற வேறு அடையாளத்தையும் அச்சிட்டால் விலக்கு அதற்குச் செல்லாது. கொடி இருந்தால் பக்கத்திலேயே மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்ற சின்ன எழுத்து இருக்கிறதா என்று தேடுங்கள்.

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்த கார்னிஷ் பேஸ்டியும் இதே வகைதான். மாவில் இறைச்சியும் காய்கறியும் வைத்து ஓரத்தை மடிப்பது கார்ன்வாலில் நடக்க வேண்டும். சுடுவது வேறு ஊரில் நடக்கலாம். உள்ளே போகும் உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் கார்ன்வாலில் விளைந்ததாக, வளர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டனுக்குத் தனி முத்திரைகள் வந்துவிட்டன, ஆனால் பேஸ்டிக்கான எல்லைக்கோடு மாறவில்லை.

பானங்களுக்கு வந்தால் கணக்கு மாறுகிறது, உணவில் கற்றதை அப்படியே பொருத்தினால் தப்பாகிவிடும். ஒயினில் பி.டி.ஓ. என்றால் திராட்சை முழுவதும் அந்த எல்லைக்குள் விளைந்தது. பி.ஜி.ஐ. என்றால் குறைந்தது 85 சதவீதம் அங்கே விளைந்திருக்க வேண்டும், மீதியும் அதே நாட்டில் விளைந்ததாகத்தான் இருக்க வேண்டும். எனவே ஒயினில் பி.ஜி.ஐ. நாட்டுக்கு முழு உறுதி தருகிறது. உணவில் அதே எழுத்துகள் அப்படி ஓர் உறுதியைத் தருவதில்லை.

ஸ்காட்ச் விஸ்கி வேறு தினுசு. தானியம் எந்த நாட்டிலிருந்தும் வரலாம். ஊறவைப்பது, நொதிக்க வைப்பது, வடிப்பது, ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டு முதிர வைப்பது ஆகியவை ஸ்காட்லாந்தில் நடக்க வேண்டும். சிங்கிள் மால்ட் என்றால் புட்டியில் அடைப்பதும் அங்கேதான். பிளெண்டட் ஸ்காட்சை மொத்தமாக ஏற்றுமதி செய்து வேறு நாட்டில் புட்டியில் அடைக்கலாம். அதனால் 'இந்தியாவில் பாட்டில் செய்யப்பட்டது' என்று எழுதிய பிளெண்டட் ஸ்காட்சைப் போலி என்று ஒதுக்குவது தவறு. அதே சமயம், ஸ்காட்ச் மால்ட் கலந்த இந்திய விஸ்கி என்பது வேறு பொருள். அதை ஸ்காட்ச் என்ற பெயரில் விற்க முடியாது.

டி.எஸ்.ஜி. என்ற மூன்றாவது முத்திரைக்கும் ஊருக்கும் சம்பந்தமே இல்லை. அது செய்முறைக்கான முத்திரை. அதுவும் நீலம்-மஞ்சள் என்பதால் பி.ஜி.ஐ. என்று ஏமாறுவது சுலபம். நிறத்தை விட்டுவிட்டு விளிம்பில் உள்ள எழுத்தைப் படிக்க வேண்டும். 'பிட்சா நபோலெத்தானா'வுக்கு 2010-இல் கிடைத்தது இந்த முத்திரைதான். சொன்ன முறைப்படி செய்தால் அதை வேறு நாட்டிலும் செய்யலாம்.

முத்திரை இல்லாவிட்டால் போலி என்று முடிவு கட்டுவதிலும் கவனம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தயாரான உணவு பதிவான பெயரில் விற்கப்பட்டால் முத்திரை கட்டாயம். எனவே ஜெர்மனியில் செய்த ஒரு வினிகர் முத்திரையில்லாமல் வெறுமனே 'பால்சமிகோ' என்று மட்டும் போட்டிருந்தால் அது மோதெனா வினிகர் அல்ல. அப்படிப் போடுவது குற்றமும் அல்ல. 'அசெத்தோ', 'பால்சமிகோ' என்ற தனித்தனிச் சொற்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது. ஆனால் ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பொருளுக்கு முத்திரை போடுவது விருப்பம்தான். 2011-இல் பதிவான டார்ஜிலிங் தேயிலையும், 2022-இல் பதிவான இலங்கையின் சிலோன் கறுவாப்பட்டையும் அங்கே நீல முத்திரை வகையில் இருக்கின்றன. பாக்கெட்டில் வட்டம் இல்லை என்பதற்காக அவற்றைச் சந்தேகிக்க வேண்டாம். பெயரைத் தவறாகப் பயன்படுத்துவதற்கான தடை, வட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே செல்லும்.

இலங்கைத் தேயிலை வாங்குவோர் சிங்க முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். அது இலங்கைத் தேயிலைச் சபையின் முத்திரை, ஐரோப்பிய வட்டங்களோடு சேர்ந்ததல்ல. ஆனால் நாட்டைப் பற்றி அது மிகத் தெளிவாகப் பேசுகிறது: உள்ளே இருப்பது முழுக்க இலங்கைத் தேயிலை, பாக்கெட்டில் அடைத்ததும் இலங்கையில். கப்பலில் மொத்தமாகப் போய் வெளிநாட்டில் அடைக்கப்பட்ட தேயிலை நல்ல சிலோன் தேயிலையாகவே இருக்கலாம், ஆனால் அதில் சிங்கம் இருக்கக் கூடாது.

நம்மூர் புவிசார் குறியீடான ஜி.ஐ.க்கு வருவோம். சென்னையில் உள்ள பதிவகம்தான் நாடு முழுவதற்கும் இதைத் தருகிறது. இந்தியாவின் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சிவப்பு, நீலம் என்ற பிரிவு கிடையாது. தயாரித்து விற்கும் பொருளாக இருந்தால் உற்பத்தி, பதப்படுத்தல், தயாரிப்பு இவற்றில் ஒரு வேலை அந்தப் பகுதிக்குள் நடக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் வரையறை. ஆகவே 'ஜி.ஐ. கிடைத்துவிட்டது' என்ற செய்தியை வைத்து ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவின் பால் எங்கே கறந்தது, கோவில்பட்டி கடலை மிட்டாயின் வெல்லம் எங்கே காய்ச்சியது என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொன்றின் பதிவையும் தனியாகத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று, பெயர் பதிவானதால் அந்த ஊர்க் கடைகள் எல்லாம் அதைப் பயன்படுத்தும் உரிமையைத் தானாகவே பெற்றுவிடுவதில்லை. சட்டம் அந்த உரிமையை, பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிந்தவருக்குத் தருகிறது. அந்தப் பதிவும் பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது.

ஐரோப்பியப் பதிவுகளைச் சரிபார்க்க eAmbrosia என்ற பதிவேடு இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. பொருளின் பெயரைத் தட்டினால் அது எந்த வகை, எப்போது பதிவானது என்று வரும், பெரும்பாலும் தயாரிப்பு ஆவணத்தின் சுருக்கமும் கிடைக்கும். அதில் வரலாறு, சுவை வர்ணனை எல்லாவற்றையும் தாண்டி, எந்த எந்த வேலை எல்லைக்குள் நடக்க வேண்டும் என்று சொல்லும் பத்திக்கு நேராகப் போங்கள். அதற்குப் பக்கத்திலேயே மூலப்பொருளைப் பற்றிய பத்தியும் இருக்கும். அங்கே ஊர்ப் பெயர் எதுவும் இல்லையென்றால் மூலப்பொருள் எங்கிருந்தும் வரலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.