லெவல் புக்கை ஊர் ஆளுங்களுக்குப் புரியுற தமிழ்ல மாத்துறது எப்படி

வேலூர் பக்கம் அணைக்கட்டு ஊர்ல ஏரிக்கு வர்ற கால்வாய் 60 மீட்டர் தூர் வாரணும், தரை மேடு பள்ளத்த அளந்து எழுதுன லெவல் புக்கு இங்கிலீஷ்ல இருக்கு, வேலை ஆளுங்களுக்குத் தமிழ்ல எழுதிக் குடுன்னு என்கிட்ட சொன்னாங்க. நானும் டிக்‌ஷனரி வச்சிக்கினு 'ரெட்யூஸ்டு லெவல்'னா 'குறைக்கப்பட்ட மட்டம்'னு எழுதிட்டேன், மேஸ்திரி பாத்துட்டு "இன்னாபா, எவ்ளோ குறைச்சீங்க?"ன்னாரு. அது அந்த இடத்தோட உயரம்தான், 'மட்டம்'னு போட்டா போதும். அதனால வார்த்தைய விடுங்க, அது இன்னா வேலை செய்யுதுன்னு பாத்து எழுதுங்க.

முதல்ல பெஞ்ச் மார்க், மத்த எல்லா மட்டத்தையும் கணக்குப் போட ஆரம்பிக்கிற இடம். அத 'மட்டக்கல்'னு எழுதி, கல் எங்க இருக்குன்னும் சேத்து எழுதுங்க. நம்ம புக்குல சிறுபாலத்து கைப்பிடிச்சுவர் மேல, மட்டம் 100.000. இது சும்மா வச்சிக்கிட்ட நம்பர்தான், கடல் மட்டக் கணக்கு இல்ல, வேலூரே கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கு மேல இருக்கு.

அடுத்து பேக் சைட். 'பின்னாடி பாக்குறது'ன்னு எழுதாதீங்க, லெவல் கருவிய நட்டதும், மட்டம் தெரிஞ்ச இடத்துல ஸ்டாஃப்ங்கிற அளவுகோல நிறுத்தி எடுக்குற முதல் ரீடிங் அது, எந்தப் பக்கம் திரும்பிப் பாத்தாலும் சரி. பேக் சைட், இன்டர்மீடியட் சைட், ஃபோர் சைட் மூணுக்கும் 'முதல் ரீடிங்', 'நடு ரீடிங்', 'கடைசி ரீடிங்'னு போட்டா போதும். சேஞ்ச் பாயின்ட் 'கருவி மாத்துற புள்ளி', அங்க மட்டும் ஒரே இடத்துல கடைசி ரீடிங்கும் முதல் ரீடிங்கும் வரும். கோணமும் தூரமும் அளந்து எழுதுற டிராவர்ஸ் பக்கத்துல பேக் பேரிங்னு வந்தா அது வேற, வந்த கோட்டையே திரும்பிப் பாக்குற கோணம், முன் கோணத்தோட 180 டிகிரி வித்தியாசம் இருக்கணும்.

இப்ப கணக்கு. கல் மேல முதல் ரீடிங் 1.250, அப்போ கருவி மட்டம் 101.250. கால்வாய் தொடக்கத்துல 2.400, தரை 98.850. 30 மீட்டர்ல 2.315, தரை 98.935. ரீடிங் குறைஞ்சா தரை மேடு, இத தலைகீழா புரிஞ்சிக்கிறவங்கதான் ஜாஸ்தி, அதனால பக்கத்து மேலயே எழுதி வைங்க. மாத்துற புள்ளில கடைசி 1.800, முதல் 0.900, ஏரி வாயில கடைசி 1.650, மட்டம் 98.700.

காப்பி பண்றப்போ நம்பர் மாறிச்சான்னு பாக்க:

```
2.150 - 3.450 = -1.300
98.700 - 100.000 = -1.300
```

முதல் ரீடிங் கூட்டுத்தொகைல கடைசி ரீடிங் கூட்டுத்தொகைய கழிச்சதும், ஏரி வாய் மட்டத்துல மட்டக்கல் மட்டத்த கழிச்சதும் ஒண்ணா வரணும். ஆனா இது கூட்டல் கழித்தல் தப்பத்தான் காட்டும், நடு ரீடிங்க தப்பா காப்பி பண்ணா இதுல தெரியாது, அத ஒவ்வொண்ணா வாசிச்சி சரி பாக்கணும்.

ஆளுங்களுக்கு மட்டம் தேவையில்ல, எத்தனை சென்டி வெட்டணும்னுதான் வேணும், அதனால கடைசில ஒரு கட்டம் சேருங்க. 98.850ல இருந்து 98.700க்கு நேரா சரிவு இறக்கினா 30 மீட்டர்ல 98.775 வரணும், இருக்குறது 98.935, அப்போ '16 சென்டி வெட்டு'. அதே கருவி அசையாம இருந்தா ஸ்டாஃப்ல 2.475 வந்ததும் நிறுத்தலாம், மறுநாள் கருவிய வேற இடத்துல நட்டா அந்த 2.475 செல்லாது, மட்டக்கல்லுல முதல் ரீடிங் எடுத்து புதுசா போடணும்னு அந்தக் கட்டத்துலயே எழுதுங்க.