டிப்ஸ்டரின் லாபக் கணக்கைச் சோதிக்க ஒரு வர்க்கமூலம்

வென்றால் கட்டிய பணம் இரு மடங்காகத் திரும்பும் 2.00 ஆட்ஸையொட்டி, பந்தயத்துக்கு 1 யூனிட் வீதம் கட்டச் சொல்லிக் குறிப்பு கொடுக்கும் டிப்ஸ்டரின் மொத்த லாபம், பந்தய எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் போல் இரு மடங்கைத் தாண்டாவிட்டால் அதைத் திறமை என்று நம்ப வேண்டாம். 100 பந்தயத்தில் 57 வெற்றி என்றால் லாபம் 14 யூனிட், தேவையோ 20. சும்மா நாணயம் சுண்டினாலே ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு 57 அல்லது அதற்கு மேல் அமைந்துவிடும்.

அந்த 14கூட அவர் எழுதிவைத்த ஆட்ஸில்தான். குறிப்பு வெளியானதும் ஆட்ஸ் இறங்கி உங்களுக்கு 1.85தான் கிடைக்கிறது என்றால், அதே 57 வெற்றிக்கு மிஞ்சுவது 5.45 யூனிட். கையில் கிடைக்கும் ஆட்ஸைக் குறித்துவைத்து அதில் கணக்குப் போடுங்கள்.

ஆட்ஸ் 10.00 அளவில் இருந்தால் ஏற்ற இறக்கம் மூன்று மடங்கு. 20 போதாது, 60 வேண்டும். யூனிட்டை இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைப்பவருக்கு இந்தக் கணக்கு செல்லாது. பலரில் முதலிடத்தில் இருப்பவரைப் பொறுக்கி எடுத்திருந்தால், எடுத்த பிறகு வந்த பந்தயங்களை மட்டும் எண்ணுங்கள்.