மந்தமான காலாண்டுக்குப் பிறகு முதலீட்டாளருக்குக் கடிதம்: பர்ன் ரேட்டையும் ரன்வேயையும் மழுப்பாமல் எழுதுவது

கோத்தகிரியில் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி, பக்குவப்படுத்தி, விடுதிகளுக்கும் அஞ்சல் வழி வாடிக்கையாளர்களுக்கும் விற்கும் சிறிய நிறுவனம் எங்களுடையது. நீலகிரியில் ஜூலை முதல் செப்டம்பர் வரை வியாபாரம் படுத்துவிடும். கோடை சீசன் முடிந்திருக்கும், இரண்டாவது சீசன் சூடுபிடித்திருக்காது. அப்படியொரு காலாண்டு முடிந்ததும் கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் முதலீட்டாளருக்கு எழுதிய கடிதத்தைப் பற்றியது இந்தப் பதிவு. கணக்கைப் புரிந்துகொள்ள ஏதுவாக, தொகைகளை மட்டும் முழு எண்களாக மாற்றியிருக்கிறேன்.

மாதம் எவ்வளவு பணம் கரைகிறது என்பது பர்ன் ரேட். இருக்கும் பணம் எத்தனை மாதம் தாங்கும் என்பது ரன்வே. வகுத்தால் விடை வந்துவிடும். எதை எதால் வகுப்பது என்பதில்தான் சிக்கல்.

படி 1: வங்கிக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

லாப நட்டக் கணக்கை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். பில் போட்ட அன்றே அது வருமானமாக எழுதிக்கொள்ளும். விடுதிக்காரர் பணம் தருவதோ நாற்பத்தைந்து நாள் கழித்து. வங்கி அறிக்கையைப் பதிவிறக்கி, கூகுள் ஷீட்ஸில் ஒரே ஒரு தாளில் போடுங்கள். டாலி வரி தாக்கலுக்கு நல்லது. இந்த வேலைக்கு அது ஒத்துவராது என்பது என் கருத்து.

எங்கள் எடுத்துக்காட்டில் ஜூலை 1 அன்று இருப்பு 61 லட்சம், செப்டம்பர் 30 அன்று 43 லட்சம். மூன்று மாதத்தில் 18 லட்சம் குறைந்திருக்கிறது, அதாவது மாதம் 6 லட்சம். 43-ஐ ஆறால் வகுத்தால் சுமார் ஏழு மாதம். ஏப்ரல் இறுதி வரை, கோடை சீசன் தொடங்கும் வரை தாக்குப்பிடிக்கலாம். பார்க்க நிம்மதியான எண். ஆனால் தவறான எண்.

படி 2: உங்களுடையதல்லாத பணத்தைப் பிரித்தெடுங்கள்

இந்தப் படியில் நிதானமாக நடங்கள். பெரும்பாலோர் தடுக்குவது இங்கேதான். இருப்பில் உள்ள 43 லட்சத்தில், தீபாவளிப் பரிசுப் பெட்டிகளுக்காக ஒரு விடுதி தந்த முன்பணம் 4 லட்சம். தேயிலை இன்னும் பெட்டிக்குள் போகவில்லை. ஆர்டர் ரத்தானால் திருப்பித் தர வேண்டிய பணம் அது. அடுத்து, பிடித்து வைத்திருக்கும் டி.டி.எஸ். அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் போக வேண்டும். மாதந்தோறும் தாக்கல் செய்பவர்கள் ஜி.எஸ்.டி.யை 20-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். செப்டம்பரில் இலை கொடுத்த விவசாயிகளுக்குப் பாக்கி இருக்கிறது. வரிகளும் இந்தப் பாக்கியும் சேர்ந்து 3 லட்சம். கழித்தால் உண்மையில் நம் கையில் இருப்பது 36 லட்சம்.

பர்னையும் இதேபோல் திருத்த வேண்டும். முன்பணமாக வந்த 4 லட்சம், இருப்பு குறைந்த அளவைச் சிறிதாகக் காட்டியிருக்கிறது, அதைக் கூட்டுங்கள். ஜூலையில் வந்த 5 லட்சம் ஏப்ரல், மே மாதங்களில் விற்ற சரக்கின் பழைய பாக்கி. இதையும் கூட்ட வேண்டும். காரணம், மந்தமான காலாண்டில் பில்கள் குறைவு. ஆகவே அடுத்த காலாண்டில் வசூலிக்க இப்படியொரு பழைய பாக்கி இருக்காது. விற்பனை சரிந்த அடி வங்கிக் கணக்கில் விழ ஒரு காலாண்டு தாமதமாகும். அதுவரை இருப்பு நம்மை ஏமாற்றிக்கொண்டே இருக்கும்.

உலர்த்தும் இயந்திரத்துக்குக் கொடுத்த 3 லட்சம் ஒருமுறைச் செலவு, அதைக் கழிக்கலாம். ஆனால் கழித்ததைத் தனி வரியாகக் காட்டுங்கள். எல்லாக் காலாண்டிலும் ஏதோ ஒரு 'ஒருமுறைச் செலவு' வந்துகொண்டே இருந்தால் அது ஒருமுறைச் செலவே அல்ல. முதலீட்டாளர்கள் இதை உடனே கண்டுபிடிப்பார்கள்.

```
பர்ன்  = (18 + 4 + 5 - 3) / 3 = 8 லட்சம்
இருப்பு = 43 - 4 - 3 = 36 லட்சம்
ரன்வே = 36 / 8 = 4.5 மாதம்
```

ஏப்ரல் இறுதி என்று நினைத்தது பிப்ரவரி நடுப்பகுதிக்கு வந்துவிட்டது. பணம் சீசனுக்கு முன்பே தீர்கிறது. கடிதத்தின் சாரமே இதுதான்.

படி 3: சிக்கனத்தை அது நடக்கும் தேதியில் கணக்கிடுங்கள்

கோயம்புத்தூர் கிடங்கைக் காலி செய்து, இரண்டு பணியிடங்களைக் குறைத்தால் மாதம் 2 லட்சம் மிச்சமாகும். உடனே 36-ஐ 6-ஆல் வகுத்து ஆறு மாதம் என்று எழுதக் கை பரபரக்கும். ஆனால் கிடங்குக்கு இரண்டு மாத முன்னறிவிப்பு உண்டு. விலகுபவர்களுக்கு நிலுவைச் சம்பளம் உண்டு. மிச்சம் டிசம்பரில்தான் தொடங்கும். அக்டோபர், நவம்பரில் 16 லட்சம் போனால் மீதம் 20. அதற்குப் பின் மாதம் ஆறு வீதம் போனால் மார்ச் 10 வாக்கில் தீரும்.

சீசன் பணம் விடுதிகளிடமிருந்து வந்து சேர மே இறுதியாகிவிடும். மார்ச் 10 முதல் மே 31 வரை துண்டு விழுவது 16 லட்சம். கேட்க வேண்டிய தொகை இப்படித்தான் கிடைக்கிறது, குத்துமதிப்பாக அல்ல.

படி 4: கடிதம்

ஸ்லைடுகள் வேண்டாம், வண்ண வட்டப் படங்களும் வேண்டாம். மின்னஞ்சலில் நேராக எழுதுங்கள். முதல் பத்தியிலேயே தேதி இருக்கட்டும். "நான்கரை மாதம்" என்பது படிக்கும் நாளைப் பொறுத்து மாறும், தேதி மாறாது.

> அன்புள்ள ஐயா, வணக்கம்.
>
> செப்டம்பர் 30 அன்று வங்கியில் 43 லட்சம் இருக்கிறது. முன்பணம், வரி, விவசாயிகளின் பாக்கி போக, நாங்கள் செலவிடக்கூடியது 36 லட்சம். பழைய பாக்கி வசூலையும் இயந்திரச் செலவையும் ஒதுக்கிப் பார்த்தால் மாதம் 8 லட்சம் கரைகிறது. எதுவும் மாற்றாவிட்டால் பிப்ரவரி நடுவில் பணம் தீரும்.
>
> விடுதி ஆர்டர்கள் முந்தைய காலாண்டில் இருந்ததில் பாதியாகிவிட்டன. மழை ஆண்டுதோறும் வருவதுதான். மழைக்காலத்திலும் வாங்கக்கூடிய அஞ்சல் வாடிக்கையாளர்கள் போதிய அளவு சேரவில்லை என்பதே காரணம்.
>
> கிடங்கைக் காலி செய்ய இன்று முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டோம். இரண்டு பணியிடங்களையும் குறைக்கிறோம். டிசம்பர் முதல் மாதச் செலவு 2 லட்சம் குறையும். இருப்பு மார்ச் 10 வரை நீளும். மே இறுதியில் சீசன் பணம் வரும்வரை 16 லட்சம் தேவைப்படும். இதைத் தங்களால் தர இயலுமா, இயலாதா என்பதை நவம்பர் 15-க்குள் தெரிவித்தால், வேறிடம் முயல எங்களுக்கு நேரம் இருக்கும்.
>
> கணக்குத் தாளை இணைத்திருக்கிறேன்.

"சந்தைச் சூழல் சவாலாக இருந்தது" போன்ற வரிகளைத் தேடிப் பிடித்து அடித்துவிடுங்கள். நீலகிரியை அறிந்த எவரிடமும் மழையைக் குற்றவாளியாக்கினால் எடுபடாது. தீபாவளி விற்பனை நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையை ரன்வே கணக்கில் சேர்க்காதீர்கள். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், உறுதியான ஆர்டர்களை மட்டும் தனி வரியில் எழுதுங்கள்.

பின்சேர்க்கை: வங்கியின் கேஷ் கிரெடிட் வரம்பில் எடுக்காமல் மீதமிருக்கும் தொகையை ரன்வேயில் சேர்க்கலாமா என்று வாசகர்கள் இருவர் கேட்டிருக்கிறார்கள். சேர்க்காதீர்கள். அந்த வரம்பில் உண்மையில் எவ்வளவு எடுக்கலாம் என்பதை, நீங்கள் கொடுக்கும் சரக்கு மற்றும் வரவேண்டிய பாக்கி விவரத்தை வைத்து வங்கி கணக்கிடுகிறது. மந்தமான காலாண்டில் பாக்கிப் பட்டியல் சுருங்கும். எடுக்கக்கூடிய தொகையும் கூடவே சுருங்கும். ஏற்கெனவே எடுத்திருந்தால் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டச் சொல்லவும் கூடும். ஆகவே கடிதத்தில் வரம்பு எவ்வளவு, இன்றைய நிலையில் எடுக்கக்கூடியது எவ்வளவு, எடுத்திருப்பது எவ்வளவு என்று மூன்றையும் இருப்புக்குக் கீழே தனியாக எழுதுங்கள். வைப்புத்தொகையை அந்தக் கடனுக்கு ஈடாக வைத்திருந்தால், அதையும் இருப்பிலிருந்து கழித்துவிடுங்கள்.