தெர்மாமீட்டர் இல்லாமல் எண்ணெய்ச் சூட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

பொரிக்கும்போது வாணலியில் குமிழ் குமிழாக எழுவது எண்ணெய் கொதிப்பதால் அல்ல. எண்ணெய் கொதிக்கும் அளவுக்குச் சூடாவதற்கு முன்னாலேயே புகைந்து கெட்டுவிடும். அந்தக் குமிழெல்லாம் நாம் உள்ளே போட்ட பொருளில் இருக்கும் தண்ணீர். 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அது ஆவியாகி வெளியே வருகிறது.

எண்ணெய் 170, 180 டிகிரியில் இருந்தால் ஆவி வேகமாக வெளியேறும். வெளியே தள்ளிக்கொண்டு வரும் ஆவியை மீறி எண்ணெய் உள்ளே நுழைய முடியாது. மேல்பக்கமும் சீக்கிரம் காய்ந்து மொறுமொறுப்பாகிவிடும். 150 டிகிரிக்குக் கீழே போனால் ஆவி சோம்பலாக வரும், மேல்பக்கம் இறுக நேரமாகும், அதுவரை பொருள் எண்ணெயிலேயே ஊறிக்கிடக்கும். 200 டிகிரியைத் தாண்டினால் வெளியே கறுத்து உள்ளே வேகாமல் நிற்கும். குமிழைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் சூடு தெரிந்துவிடும் என்பதால், உருளைக்கிழங்கு விரல் துண்டுகளை வைத்தே பழகிப் பார்ப்போம்.

முதலில் எண்ணெயும் பாத்திரமும்

அடி கனமான, ஆழமான வாணலி வேண்டும். எண்ணெய் அதில் பாதிக்கு மேல் போகக் கூடாது. ஈரமான பொருள் விழுந்ததும் நுரைத்து மேலே வரும், அதற்கு இடம் வேண்டும். பொருத்தமான மூடி ஒன்றைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள். எண்ணெய் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடியால் மூடிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது, எரியும் எண்ணெயைத் தூக்கி வீசிவிடும். எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்கத் தண்ணீர் தெளிப்பதும் வேண்டாம். முகத்தில் தெறிக்கும், அப்படியே சடசடத்தாலும் 100 டிகிரியைத் தாண்டிவிட்டது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

நடுத்தரத் தீயில் காய வையுங்கள். முழுத் தீயில் வைத்தால் சரியான சூட்டை எப்போது தாண்டியது என்றே தெரியாது.

சூட்டைப் பார்க்கும் முறைகள்

நன்கு உலர்ந்த மரக்கரண்டியின் காம்பை எண்ணெயில் நிறுத்துங்கள். ஒன்றும் நடக்காவிட்டால் இன்னும் காயவில்லை. காம்பைச் சுற்றிச் சின்னக் குமிழிகள் விடாமல் வந்துகொண்டிருந்தால் ஏறக்குறைய 170, 180 டிகிரி. படபடவென்று பொங்கினால் சூடு அதிகம். காம்பு ஈரமாக இருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும், கழுவியெடுத்த கரண்டி குறைந்த சூட்டிலேயே குமிழி விடும். உலோகக் கரண்டி இதற்கு உதவாது.

இதைவிட நான் நம்புவது மாவுத் துளியை. ஒரு ஸ்பூன் மைதாவைத் தண்ணீரில் தோசைமாவுப் பதத்தில் கரைத்து, ஒரு சொட்டு விடுங்கள். அடியில் போய் அங்கேயே தங்கினால் 150-க்கும் கீழே. அடியைத் தொட்டு மெதுவாக மேலே வந்தால் 150, 160. பாதி ஆழம் போய்த் திரும்பினால் 170. கொஞ்சம் முங்கியதும் உடனே மேலே வந்தால் 180 பக்கம். முங்காமலேயே மேற்பரப்பில் சிதறினால் 200-ஐ நெருங்கிவிட்டது, அடுப்பை அணைத்துக் காத்திருங்கள். இவையெல்லாம் தோராயக் கணக்குதான், ஆனால் பொரிப்பதற்கு இவ்வளவு போதும்.

மாவு கரைக்கச் சோம்பலாக இருந்தால் விரற்கடை அளவு ரொட்டித்துண்டு ஒன்றைப் போடலாம். ஒரு நிமிடத்தில் பொன்னிறமானால் சூடு சரி. எதைச் செய்தாலும் அதற்கு முன் எண்ணெயை ஒருமுறை கிளறிவிடுங்கள். புகை வந்துவிட்டால் சோதனையே தேவையில்லை, எல்லை மீறிவிட்டது.

பொரித்துப் பார்ப்போம்

400 கிராம் கிழங்கு, ஒரு லிட்டர் எண்ணெய். கிழங்கை ஒரு சென்டிமீட்டர் தடிமனில் நறுக்கி, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். மேலே ஒட்டியிருக்கும் மாவுச்சத்தும் சர்க்கரையும் போனால் சீக்கிரம் கறுக்காது. பிறகு துணியில் ஒற்றி ஈரத்தை முழுக்க எடுங்கள்.

முதல் சுற்றுக்கு, மாவுத் துளி அடியைத் தொட்டு மெதுவாக ஏறும் சூடு வேண்டும். கிழங்கில் பாதியை மட்டும் போடுங்கள். குளிர்ந்த பொருள் விழுந்ததுமே எண்ணெய்ச் சூடு சட்டென்று இறங்கும், புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான். போட்ட சில நொடிகளில் குமிழிகள் அடங்கி, அங்கொன்றும் இங்கொன்றுமாக வர ஆரம்பித்தால் அளவுக்கு மேல் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். தீயைக் கூட்டுங்கள், அடுத்த முறை இன்னும் குறைத்துப் போடுங்கள். ஐந்தாறு நிமிடத்தில், நிறம் மாறாமல், அழுத்தினால் நசுங்கும் பதத்துக்கு வெந்திருக்கும். எடுத்துப் பரப்பிப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். மீதிப் பாதியையும் இதேபோல் செய்யுங்கள், ஆனால் மறுபடியும் சூட்டைச் சோதித்த பிறகு.

அப்புறம் எண்ணெயை, துளி முங்கியதும் மேலே வரும் சூட்டுக்குக் கொண்டுவந்து இரண்டாம் சுற்று. இரண்டு மூன்று நிமிடம் போதும். இங்கே காதைக் கொஞ்சம் கொடுங்கள். ஆரம்பத்தில் சோவென்று கேட்கும் சத்தம் மெல்லத் தணியும், குமிழிகளும் சின்னதாகிக் குறையும். மேல்பக்கத்து ஈரம் தீர்ந்துகொண்டிருக்கிறது. பொன்னிறமும் வந்துவிட்டால் எடுத்துவிடலாம்.

எடுத்ததும் ஜல்லிக்கரண்டியை வாணலிக்கு மேலேயே வைத்து நன்றாக உதறுங்கள். பொருள் குடிக்கும் எண்ணெயில் பெரும்பங்கு வெளியே எடுத்த பிறகுதான் உள்ளே போகிறது. ஆறும்போது உள்ளிருக்கும் ஆவி அடங்க, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். முதல் சில நொடிகளில் உதறினால் இழுக்க எண்ணெய் இருக்காது. உப்பை வாணலியிலிருந்து தள்ளி வைத்தே தூவுங்கள், எண்ணெயில் விழுந்தால் சீக்கிரம் கெடும்.

சூடு சரியாக இருந்தும் உள்ளே வேகுமுன் கறுத்தால், கிழங்கு ஃபிரிட்ஜில் இருந்ததா என்று பாருங்கள். குளிரில் கிழங்கிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடும், அதுதான் கறுக்கிறது. எண்ணெய் மேல் பழியில்லை.

மீந்த எண்ணெய்

முழுக்க ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அடியில் நிற்கும் கசடை விட்டுவிட்டு மேலோடு ஊற்ற வேண்டும். அந்தத் துணுக்குகள் அடுத்த முறை கருகி, கசப்பையும் நிறத்தையும் கொடுக்கும். காற்றுப் புகாத பாட்டிலில் ஊற்றி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். மேலே எதைப் பொரித்தது என்று எழுதி ஒட்டுவது நல்லது, மீன் பொரித்த எண்ணெயில் வேறு எதுவும் மீன் வாசனையோடுதான் வரும்.

எத்தனை முறை என்பதற்கு ஒரே எண் கிடையாது. கிழங்கு மாதிரி சுத்தமாகப் பொரிந்தவை என்றால் இரண்டு மூன்று முறை வரும், மாவில் புரட்டியவை சீக்கிரம் கெடுத்துவிடும். இதையும் குமிழியே சொல்லும். நல்ல எண்ணெயில் குமிழிகள் பெரிதாக எழுந்து உடனே உடையும். கெட்டதில் சோப்பு நுரை மாதிரிப் பொடிப்பொடியாகப் பரவி அடங்காமல் நிற்கும். சிக்கு வாடை, கையில் பிசுபிசுப்பு, முன்பு புகையாத சூட்டிலேயே புகைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடலாம். புது எண்ணெயைக் கலந்து சரிக்கட்டப் பார்க்காதீர்கள், பழையதில் சேர்ந்துவிட்ட கெட்ட பொருட்கள் அப்படியே இருக்கும், புதியதும் சேர்ந்து சீக்கிரம் கெடும்.

கொட்டும்போது சிங்க்கில் வேண்டாம், குழாயில் படிந்து அடைத்துக்கொள்ளும். பாட்டிலில் அடைத்து இறுக மூடிக் குப்பையோடு போடுங்கள், எண்ணெய் சேகரிக்கும் இடம் பக்கத்தில் இருந்தால் அங்கே கொடுத்துவிடுங்கள்.