மூன்று புள்ளி சோதனைக் கலப்பு: எட்டு வகை ஈக்களை வைத்து ஒரு மரபணு வரைபடம் போடுவது எப்படி

இந்தக் கணக்கில் பலர் சறுக்குவது கூட்டல் கழித்தலில் இல்லை, எந்த வகை எது என்று பிரிக்கும் முதல் இடத்திலேயே. எந்த மாற்றமும் இல்லாத இயல்பான ஈயைப் பார்த்ததும் "இது பெற்றோர் வகைதான்" என்று எழுதிவிடுகிறோம். அந்தப் பழக்கம் காலை வாரிவிடும் ஒரு கணக்கையே வேண்டுமென்று எடுத்திருக்கிறேன். மரபணுக்கள் நிஜம், எண்ணிக்கைகள் பயிற்சிக்காக நான் அமைத்தவை.

டிரோசோஃபிலா பழ ஈயின் X குரோமோசோமில் உள்ள மூன்று மரபணுக்கள். v இருந்தால் கண் வழக்கமான மங்கல் சிவப்பாக இல்லாமல் பளிச்சென்ற செந்நிறமாக இருக்கும். f இருந்தால் உடம்பில் உள்ள முள்மயிர்கள் குட்டையாக வளைந்து நுனி பிளந்திருக்கும். ct இருந்தால் இறக்கையின் ஓரம் கத்தரியால் நறுக்கியது போலத் தெரியும். மூன்றுமே ஒடுங்கு பண்புகள். இயல்பான வடிவத்தை + என்று குறிப்போம்.

முதலில், மறுசேர்க்கை ஏன் குறைகிறது?

v-யும் ct-யும் வேறு வேறு குரோமோசோம்களில் இருந்திருந்தால் 1000 குஞ்சுகளில் ஏறக்குறைய 500 மறுசேர்க்கை வகையாக, அதாவது பெற்றோரிடம் இல்லாத புதுச் சேர்க்கையோடு வந்திருக்கும். ஒன்று எந்தப் பக்கம் போகிறது என்பது இன்னொன்றைக் கட்டுப்படுத்தாது, அவ்வளவுதான். ஒரே குரோமோசோமில் இருக்கும்போது அவை சேர்ந்தே பயணம் செய்கின்றன. பிரிய வேண்டுமானால் குன்றல் பகுப்பின்போது சரியாக அந்த இரண்டுக்கும் இடையில் ஒரு குறுக்கேற்றம் விழ வேண்டும், அதாவது ஜோடிக் குரோமோசோம்கள் அங்கே துண்டு மாற்றிக்கொள்ள வேண்டும். இடைவெளி சிறியதாக இருந்தால் பெரும்பாலான செல்களில் அங்கே எதுவும் விழாது.

இதில் இன்னொரு பாதியும் இருக்கிறது, அதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறோம். குறுக்கேற்றம் நடக்கும் நேரத்தில் அங்கே நான்கு குரோமட்டிடுகள் இருக்கின்றன, ஒரு குறுக்கேற்றத்தில் மாட்டுவது அவற்றில் இரண்டு மட்டுமே, மீதி இரண்டும் பழைய சேர்க்கையோடே போய்விடும். ஆக, 100 செல்களில் 26-இல் இடையில் ஒரு குறுக்கேற்றம் நடந்தால் உருவாகும் 400 குரோமட்டிடுகளில் 52 மட்டுமே மாறியிருக்கும், அதாவது 13%. எல்லாச் செல்லிலும் ஒன்று விழுந்தாலும் 50%-ஐத் தாண்டாது என்பதற்கும் இதுதான் காரணம்.

கலப்பு

f, ct இரண்டும் உள்ள பெண் ஈயை v உள்ள ஆண் ஈயோடு சேர்த்தால் கிடைக்கும் மகள்களிடம் ஒரு X-இல் `+ f ct`, மற்றதில் `v + +` இருக்கும். இந்த மகள்களை `v f ct` மூன்றும் உள்ள ஆணோடு சேர்ப்பதுதான் சோதனைக் கலப்பு. தந்தை கொடுப்பது ஒடுங்கு X அல்லது Y, அதனால் மகனோ மகளோ, தாயிடமிருந்து என்ன வந்ததோ அது அப்படியே வெளியே தெரியும். கலப்பினம் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும்: ஆணிடம் ஒரு X-தான் இருக்கிறது, போதாக்குறைக்கு டிரோசோஃபிலா ஆண்களில் வழக்கமாகக் குறுக்கேற்றமே நடப்பதில்லை.

```
+ f ct   338      v + +   324
v f +    107      + + ct  101
v + ct    61      + f +    57
+ + +      7      v f ct    5
மொத்தம்  1000
```

படி 1: பெரிய ஜோடி, சிறிய ஜோடி

வகைகளை எப்போதும் ஒன்றுக்கொன்று எதிரான ஜோடிகளாக எழுதுங்கள். ஒரே குறுக்கேற்றத்தில் இரண்டு எதிரெதிர்க் குரோமட்டிடுகளும் சேர்ந்தே உருவாகின்றன, அதனால் ஜோடிக்குள் எண்கள் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். மிகப் பெரிய ஜோடி பெற்றோர் வகை: `+ f ct`, `v + +`. மிகச் சிறிய ஜோடி இரட்டைக் குறுக்கேற்றம்: `+ + +`, `v f ct`. பார்த்தீர்களா, முழுக்க இயல்பான ஈதான் இங்கே அரிதானது. பெயரைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்.

படி 2: நடுவில் யார்?

இரட்டைக் குறுக்கேற்றத்தில் இரண்டு பக்கமும் வெட்டி ஒட்டப்படுவதால் நடு மரபணு மட்டும் இடம் மாறும், ஓரத்தில் உள்ளவை பழைய துணையோடே இருக்கும். பெற்றோர் `+ f ct`-ஐயும் இரட்டை வகை `v f ct`-ஐயும் பக்கத்தில் வையுங்கள். f, ct அப்படியே இருக்கின்றன, மாறியது v மட்டும். எனவே வரிசை ct – v – f. இனி எல்லா வகைகளையும் இந்த வரிசையில் திருப்பி எழுதிக்கொள்ளுங்கள், சோம்பல்பட்டு மனதிலேயே செய்தால் அடுத்த படியில் நிச்சயம் குழம்பும். பெற்றோர் இப்போது `ct + f`, `+ v +`.

படி 3: தூரம்

ct-க்கும் v-க்கும் இடையில் மட்டும் மாற்றம் நடந்தால் `ct v +`, `+ + f` கிடைக்கும்: 61 + 57 = 118. v-க்கும் f-க்கும் இடையில் என்றால் `ct + +`, `+ v f`: 101 + 107 = 208. இரட்டை வகையான 12 ஈக்களில் இரண்டு இடத்திலும் குறுக்கேற்றம் நடந்திருக்கிறது, ஆகவே அவற்றை இரண்டு பக்கமும் சேர்க்க வேண்டும். 1% மறுசேர்க்கையை 1 cM, அதாவது ஒரு சென்டிமார்கன் தூரம் என்று கொள்கிறோம்.

```
ct–v = (118 + 12) / 1000 × 100 = 13.0 cM
v–f  = (208 + 12) / 1000 × 100 = 22.0 cM
ct–f = 13.0 + 22.0             = 35.0 cM
```

இப்போது v-ஐ மறந்துவிட்டு ct, f இரண்டை மட்டும் பார்த்தால் மறுசேர்க்கை 118 + 208 = 326, அதாவது 32.6%. மீதி 2.4 எங்கே போனது? அந்த 12 ஈக்களில் ct-யும் f-ம் ஒரு தடவை பிரிந்து மறுபடியும் சேர்ந்துவிட்டதால் பெற்றோர் போலவே தெரிகின்றன, ஈ ஒன்றுக்கு இரண்டு குறுக்கேற்றம் என்று 24 கணக்கில் வராமல் போகின்றன. நடுவில் மூன்றாவது மரபணுவை வைப்பதே இதைப் பிடிக்கத்தான். 1913-இல் முதல் மரபணு வரைபடத்தை வெளியிட்ட ஸ்டர்ட்டவண்ட் வேலை செய்ததும் இதே X குரோமோசோமில்தான். இன்றைய நிலையான வரைபடத்தில் ct 20.0, v 33.0, f 56.7.

படி 4: அந்த 12 போதுமா?

இரண்டு இடங்களும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் இருந்தால் 0.13 × 0.22 × 1000 = 28.6 இரட்டை வகைகள் வந்திருக்க வேண்டும். வந்தது 12. 12 / 28.6 = 0.42, இது கோஇன்சிடென்ஸ். 1 – 0.42 = 0.58, இது இன்டர்ஃபெரன்ஸ். ஒரு குறுக்கேற்றம் நடந்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று விழுவது கடினமாகிறது என்று பொருள்.

இந்த எண் மிக எளிதில் கெட்டுப்போகும். உதாரணமாக, வெளிச்சம் சரியில்லாமல் 10 `ct + f` ஈக்களின் கண்ணை v என்று தவறாகக் குறித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். அந்தப் பத்தும் நேராக `ct v f` வகையில் போய் விழும். தூரங்கள் 14.0, 23.0 என்று கொஞ்சம்தான் நகரும், யாருக்கும் சந்தேகம் வராது, ஆனால் இரட்டை வகை 12-இலிருந்து 22 ஆகிவிடும், கோஇன்சிடென்ஸ் 0.42-இலிருந்து 0.68-க்குத் தாவும். காட்டிக்கொடுப்பது ஜோடிதான்: ஒரு பக்கம் 15, எதிர்ப்பக்கம் 7. இப்படிச் சாய்ந்திருந்தால் கணக்கைத் தொடராமல் அந்த 15 ஈக்களை மறுபடியும் நுண்ணோக்கியின் கீழே வைத்துக் கண்ணைப் பாருங்கள். எல்லா ஜோடிகளிலும் ct உள்ள பக்கம் மட்டுமே குறைவாக இருந்தால் அது வேறு கதை, அந்த ஈக்கள் வளர்வதற்குள் செத்துப்போகின்றன.